வரிசையின் கடைசியில் நில்லுங்கள்

போன வாரம் கல்லூரியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேப்ஷன் வந்தது. மரபு நடை மன்றத்துக்கு முதலாம் ஆண்டு மாணவர்களைச் சேர்ப்பதற்காக இன்ஸ்டாகிராமில் போடப்போகும் குறிப்பு. மன்றத்தின் இந்த ஆண்டுச் செயலாளர் அனுப்பியிருந்தாள். "சார், ஒரு தடவை பாத்துக் குடுங்க. போஸ்டர் ரெடி" என்று கீழே எழுதியிருந்தாள். பதினான்கு வரிகள், ஏழு எமோஜி, ஆறு ஹேஷ்டேக். எண்ணாமல் எனக்கு எதையும் படிக்க வராது. பதின்மூன்று வரிகள் சரியாக இருந்தன. பதினான்காவது வரியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

"என்னாச்சு, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். போட்டிருந்தேன். காலையில் இரண்டு, அது சரியாகத்தான் இருந்தது.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. அந்த வரியை ஏன் போடக் கூடாது என்பதைச் செயலாளருக்கு நாலு வார்த்தையில் பதிலாக அனுப்பப் பார்த்தேன். முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களும், இனி வரப்போகிறவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். எம்.ஏ. படித்தது, எம்.ஃபில். முடித்தது, தற்காலிக வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது எல்லாம் மற்றவர்களுக்கு நடந்ததுபோலத்தான் எனக்கும் நடந்தது, சொல்ல ஒன்றுமில்லை. வேலை நிரந்தரமானதும் மரபு நடை மன்றத்தை என் தலையில் கட்டினார்கள். மாதம் இரண்டு ஞாயிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலை, குகை, கண்மாய் மடை, நடுகல் என்று போய்வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை என்பதால் மற்ற எல்லாரும் வேண்டாமென்றார்கள். நான் வேண்டாமென்று சொல்வதற்குள் ஆணை வந்துவிட்டது.

முதல் வருடமே ஒரு பையனை மலையில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். சமணர் படுக்கையில் படுத்துப் பார்த்தவன் அப்படியே தூங்கிப்போனான். கல்லூரி வாசலுக்கு வந்த பிறகுதான் ஒரு ஆள் குறைவது தெரிந்தது. திரும்பிப் போனால் குளத்தோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். "ஏன் சார் இம்புட்டு நேரம்?" என்று என்னைக் கேட்டான். அவன் சிரித்தான். எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை.

அன்றிலிருந்து வந்ததுதான் எண்ணும் முறை. பிள்ளைகள் ஒற்றை வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்பவர் 'ஒன்று' என்பார், அடுத்தவர் 'இரண்டு', அப்படியே கடைசிவரை. புதிதாக வருகிறவர் எப்போதும் கடைசியில்தான் நிற்க வேண்டும். எண்ணும்போது பேச்சு கிடையாது. பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சிரிப்பு வரும், எண் தவறும். சொல்லாமல் வரிசையை விட்டு விலகக் கூடாது. எண்ணி முடித்தால்தான் வரிசை முன்னால் நகரும். ஏறத் தொடங்கும்போது ஒருமுறை, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருமுறை எண்ணுவோம். மேலே போய்ச் சேர்ந்து, இறங்கப் புறப்படும்போது வரிசை அப்படியே திரும்பும். கடைசியாக நின்றவர் அப்போது 'ஒன்று' ஆகிவிடுவார், எண் அவரிடமிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போகும். புதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ தன் வாயால் 'ஒன்று' என்று சொல்வது ஒரு பெருமை. இந்த முறையால் அதன்பிறகு ஒருவரைக்கூடத் தவறவிட்டதில்லை. அதாவது, குறைந்ததில்லை.

நான் ஓய்வு பெறும் வருடத்தில் மன்றச் செயலாளர் சரவணன். மூன்றாம் ஆண்டு, பொருளியல். வாய் ஓயாத பையன், ஆனால் வேலையில் சுத்தம். அதுவரை ஆள் சேர்ப்பது அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டித்தான். சரவணன் வந்து எல்லாவற்றையும் இன்ஸ்டாகிராமுக்கு மாற்றினான். "நோட்டீஸ் போர்டை ஆடுகூடப் பாக்காது சார்" என்றான்.

கேப்ஷன் எழுதுவது லேசான காரியமில்லை என்று அவனிடம்தான் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு வரிதான் கண்ணுக்குத் தெரியும். மீதி, தொட்டால்தான் விரியும். அதனால் முதல் வரியில் மன்றத்தின் பெயரைப் போட்டு வீணாக்கக் கூடாது, பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி ஒரு கேள்வி வேண்டும். கேப்ஷனுக்குள் லிங்க் போட்டால் தொட்டாலும் திறக்காது. அதை மன்றப் பக்கத்தின் முகப்பில், பயோவில் வைத்து, 'லிங்க் பயோவில்' என்று சொல்ல வேண்டும். பதிவைப் பக்கத்தின் உச்சியில் பின் செய்து வைத்தால் எப்போது வந்து பார்ப்பவருக்கும் அதுதான் முதலில் தெரியும். அவன் எழுதிய கேப்ஷன் இது:

"முதலாம் ஆண்டு! ஞாயிற்றுக்கிழமை தூங்கியே கழியுதா?
இங்க வாங்க. மரபு நடை மன்றம்.
என்ன செய்வோம்? மாதம் இரண்டு ஞாயிறு நடை. மலை, குகை, கண்மாய், நடுகல். பார்ப்போம், வரைவோம், படம் எடுப்போம். எதையும் தொட மாட்டோம், பெயர் கிறுக்க மாட்டோம். வருடம் ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய் நாமே விளக்குவோம்.
யார் சேரலாம்? எந்தத் துறையும். கட்டணம் கிடையாது. வரலாறு தெரிந்திருக்க வேண்டாம்.
எப்படிச் சேர்வது? பயோவில் உள்ள லிங்க்கில் படிவம். கல்லூரி மெயில் ஐடி கட்டாயம். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் துறைத்தலைவர் கையெழுத்து வாங்கி முதல் நடைக்குக் கொண்டு வாருங்கள். மூன்று நடை வந்தால் உறுப்பினர். ஆறு நடை வந்தால் சான்றிதழ்.
முதல் நடை: கீழக்குயில்குடி, தாமரைக் குளம். தேதி படத்தில்.
யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். வந்து வரிசையின் கடைசியில் நில்லுங்கள். எண் உங்களிடம் வரும்போது அடுத்த எண்ணைச் சொல்லுங்கள். அன்று முதல் நீங்களும் எங்களில் ஒருவர்."

படங்கள் இரண்டு. முதல் படத்தில் மலை, தேதி. தள்ளினால் இரண்டாவது படத்தில் வரிசையின் விதிகள், நான் மேலே சொன்னவை.

எதையும் வெளியிடுவதற்கு முன் முதல்வரின் கையெழுத்து வேண்டும். எங்கள் முதல்வர் அம்மா வேதியியல்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும், கொடுத்தவர் எதிரிலேயே அதைச் சத்தமாகப் படிப்பார். ஏற்ற இறக்கம் இல்லாமல், கரும்பலகையில் சமன்பாடு படிப்பதுபோல. நாம் எழுதிய பொய்யோ அலங்காரமோ அந்தக் குரலில் கேட்கும்போது நமக்கே கூசும். படிக்கும்போது பேனா மூடியைக் கழற்றி மேசைமேல் நிற்க வைப்பார். மூடி விழாமல் நின்றால் கையெழுத்து கிடைக்கும் என்று அலுவலகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அன்று மூடி நின்றது.

"கடைசி வரி நல்லா இருக்கு தம்பி. இதுதான் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரும்" என்று சரவணனிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் சரவணன், "சார், பிரின்ஸி மேடமே லைக் போட்டுட்டாங்க" என்றான்.

"எமோஜி ஒம்பது இருக்கு. ஏழாக் குறை" என்றேன்.

"அதையும் எண்ணிட்டீங்களா சார்!"

படத்தில் போட்ட ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. நடையை ஒத்திவைத்தோம். இங்கேதான் சிக்கல். இன்ஸ்டாகிராமில் ஒருமுறை போட்ட படத்தை மாற்ற முடியாது; கேப்ஷனை மட்டும்தான் திருத்தலாம். பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம். ஆனால் வந்த லைக்கும் கேள்வி பதில்களும் அதோடு போய்விடும். சரவணனுக்கு மனசு வரவில்லை. அதனால் கேப்ஷனில் 'தேதி படத்தில்' என்பதை எடுத்துவிட்டு, "படத்தில் உள்ள தேதி மாறிவிட்டது. இந்த ஞாயிறு காலை ஆறு மணி" என்று திருத்தினான். அந்த ஞாயிறு நடை நல்லபடியாக நடந்தது. பதினெட்டுப் பேர் வந்தார்கள். வெயில் அடித்தது. படம் எடுத்தோம், இட்லி சாப்பிட்டோம், திரும்பினோம்.

கேப்ஷன் அப்படியே இருந்தது. பக்கத்தின் உச்சியில், 'இந்த ஞாயிறு' என்று.

எந்த நாளில் பார்த்தாலும் அது அடுத்து வரும் ஞாயிறுதான். தாமதமாகச் சேரும் பிள்ளைகளுக்காகப் படிவத்தையும் மூடாமல் வைத்திருந்தோம். இது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு நடை கிடையாது. காலையில் தூறல். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சரவணன் போன் செய்தான். வழக்கமான 'வணக்கம் சார்' இல்லை.

"சார், போஸ்டுக்குக் கீழ ஒரு கமெண்ட் வந்திருக்கு."

படித்துக் காட்டினான். முதல் கமெண்ட்: 'அண்ணா நான் குளத்துகிட்ட நிக்கிறேன். யாரையும் காணோமே.' அதற்குச் சற்றுப் பிறகு இன்னொன்று: 'வந்துட்டாங்க. கடைசில நின்னுட்டேன்.'

எழுதியவள் பாண்டீஸ்வரி. முதலாம் ஆண்டு, கணிதம். கடைசிக் கட்டத்தில் இடம் கிடைத்து, வகுப்பு தொடங்கி மூன்று வாரம் கழித்துச் சேர்ந்தவள். சனிக்கிழமை இரவுதான் படிவத்தை நிரப்பியிருந்தாள்.

"யாருடா வந்துட்டாங்க? நம்ம பிள்ளைங்க யாராச்சும் தனியாப் போயிருக்காங்களா?"

"குரூப்ல கேட்டுட்டேன் சார். பதினெட்டுப் பேரும் ரிப்ளை பண்ணிட்டாங்க. எல்லாரும் வீட்லதான் இருக்காங்க."

"சரியா எண்ணினியா?"

"ரெண்டு தடவ எண்ணிட்டேன் சார்." அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நீங்க ரெடியா இருங்க, வண்டி எடுத்துட்டு வாரேன்."

வண்டியில் போகும்போதே படிவத்தில் இருந்த எண்ணுக்கு என் போனிலிருந்து அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை எடுத்தாள்.

"பாண்டீஸ்வரியாம்மா? நான் மன்றத்து சார் பேசுறேன். எங்கம்மா இருக்க?"

காற்றுச் சத்தம். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், வகுப்பில் பக்கத்துப் பெண்ணிடம் பேசுவதுபோல, "சார், பேசக் கூடாதுல்ல. எண்ணிக்கிட்டிருக்காங்க" என்றாள்.

வைத்துவிட்டாள். அதன்பிறகு எடுக்கவில்லை.

குளத்தோரம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள் என்று வண்டிகள் நிற்கும். அன்று ஒரே ஒரு வண்டி, டீக்கடை அக்காவுடைய மொபெட். எங்களுடையது இரண்டாவது. தாமரை இலைகளில் தூறல் விழும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் மயில்கள் அதிகம்; ஒன்றுகூடக் கத்தவில்லை. கையில் பை இருந்தால் பிடுங்க வரும் குரங்குகள் கோயில் மதில்மேல் நெருக்கி உட்கார்ந்திருந்தன. இருபத்துமூன்று. எல்லாம் மலையைப் பார்த்தபடி இருந்தன. எங்களை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, ஒரு பிள்ளை தனியா வந்துச்சா?" என்று சரவணன் கேட்டான்.

டீக்கடை அக்கா அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார். "பச்சச் சுடிதாரு போட்ட பிள்ளையா? வந்துச்சே. ஆனா தனியாப் போகல தம்பி, உங்க கூட்டத்தோடதான் போச்சு."

"எங்க கூட்டமா? எத்தன பேரு?"

"நான் எங்க பாத்தேன்? நனஞ்ச வெறக வச்சு ஊதிக்கிட்டிருந்தேன். சத்தந்தான் கேட்டுச்சு. நீங்க எப்பயும் எண்ணிக்கிட்டே போவீங்கள்ல, அப்படி எண்ணிக்கிட்டே போனாங்க." ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் சார், நீங்க அவங்களோட போகலையா?"

நானும் சரவணனும் படியேறினோம். எனக்கு மூட்டு வலி உண்டு. அன்று அது நினைவுக்கே வரவில்லை. முதல் குகையில் அவள் இல்லை. சுனைப் பக்கம் இல்லை. சிற்பங்களுக்கு எதிரே இருந்த பாறையில் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது, மேலே ஒரு கல். பெற்றோர் ஒப்புதல் கடிதம். அப்பாவின் கையெழுத்து இருந்தது. துறைத்தலைவர் கையெழுத்து இல்லை. யாரோ கேட்டு வாங்கி அங்கே வைத்ததுபோல இருந்தது.

அதற்கு மேலே மொட்டைப் பாறை. நாங்கள் பிள்ளைகளை அங்கே விடுவதில்லை. மழைக்காலத்தில் பாறையின் பின்சரிவு முழுக்கப் பாசி பிடித்துவிடும். கால் வைத்தால் கீழே போய்த்தான் நிற்க வேண்டும். பாண்டீஸ்வரி அங்கேதான் நின்றாள். எங்களுக்கு முதுகு காட்டி, சரிவைப் பார்த்து, கையைத் தொங்கவிட்டு நேராக நின்றாள். வரிசையில் நிற்கும் பிள்ளை எப்படி நிற்குமோ அப்படி. அவள் காலுக்கு முன்னால் இன்னும் ஓரடி சொரசொரப்பான பாறை. அதற்கு அப்புறம் பச்சை.

சரவணன் கூப்பிட வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். திடுக்கிட்டால் அந்த ஓரடி போதாது.

அப்போதுதான் பாறையைப் பார்த்தேன். தூறலில் நனைந்து முழுக்கக் கறுத்திருந்தது. அவளுக்கு முன்னால், ஒரு கை தூரம் தள்ளி, இரண்டு பாத அளவுக்கு உலர்ந்த இடம் வெள்ளையாக இருந்தது. அதற்கு ஒரு கை தூரம் தள்ளி இன்னொன்று. அதற்கு முன்னால் இன்னொன்று. தூறல் தொடங்குவதற்கு முன்பிருந்தே ஆட்கள் அசையாமல் நின்றால் காலடியில் அப்படித்தான் உலர்ந்திருக்கும். அவை சரிவில் இறங்கிக்கொண்டே போயின. எண்ணத் தொடங்கினேன். ஆறு வரை எண்ணினேன். என் வாழ்க்கையில் எண்ணிக்கையைப் பாதியில் நிறுத்தியது அந்த ஒரு தடவைதான்.

"பத்தொன்பது" என்றாள் பாண்டீஸ்வரி, யாருக்கோ பதில் சொல்வதுபோல.

எண்ணி முடித்தால் வரிசை நகரும். விதி அதுதான். அவள் வலது கால் அசைந்தது.

எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. இந்தப் பிள்ளை விதிகளை மனப்பாடம் செய்திருக்கிறது, விதியைச் சொன்னால் கேட்கும் என்று பட்டது. ஒவ்வொரு நடையிலும் சொல்லும் அதே குரலில், அவசரமில்லாமல் சொன்னேன்: "இறங்கலாம். வரிசை திரும்பட்டும்."

அவள் கால் நின்றது. அப்படியே திரும்பினாள். எங்களைப் பார்த்தாள். முகத்தில் பயமே இல்லை. கூச்சம் கலந்த சிரிப்புதான் இருந்தது. வரிசை திரும்பினால் கடைசியில் நின்றவர்தான் முதல் ஆள். அவள் தெளிவாக, கொஞ்சம் பெருமையாகக்கூட, "ஒன்று" என்றாள்.

சொல்லிவிட்டு எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

விதிப்படி அடுத்த எண்ணை அவளுக்குப் பின்னால் நிற்பவர் சொல்ல வேண்டும்.

மலையில் எந்தச் சத்தமும் இல்லை. அந்த இடைவெளியில் நான், "அவ்வளவுதான்!" என்று கத்தினேன். அப்படி ஒரு சொல் எங்கள் விதியில் அதுவரை கிடையாது. என் குரல் பாறையில் மோதி எனக்கே திரும்பி வந்தது.

சரவணன் என்னைவிட இரண்டு எட்டு முன்னால் நின்றிருந்தான். எதுவும் கேட்டதா என்று நான் அவனிடம் கேட்டதில்லை. அவனாகத்தான் கொஞ்ச நாள் கழித்துச் சொன்னான். "எண் எதுவும் கேக்கல சார். பேசுறதுக்கு முன்னாடி மூச்சு இழுப்போம்ல, அது கேட்டுச்சு. ஒருத்தர் இழுத்த மாதிரி இல்ல."

அவளை எங்கள் நடுவில் நடக்க விட்டு இறங்கினோம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடையில் உட்காரவைத்தோம். அவள் இரண்டு டீ குடித்தாள், நாலு பன் தின்றாள்.

"உனக்கு முன்னாடி எத்தன பேரும்மா இருந்தாங்க?" என்றேன்.

"பதினெட்டு சார். நான் பத்தொன்பது."

"முகத்தைப் பாத்தியா?"

"முதுகுதான் சார் தெரிஞ்சுச்சு. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சுல்ல. அவங்களும் பாக்கல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லவங்கதான் சார். நான் வந்ததும் முன்னாடி நகந்து இடம் விட்டாங்க" என்றாள்.

டீக்கடை அக்கா காசு வாங்க மறுத்துவிட்டார். அன்று பகல் முழுக்கக் கடையை மூடியே வைத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை முதல்வர் அறையில் பாண்டீஸ்வரியின் அப்பா உட்கார்ந்திருந்தார். கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனியின் நீலச் சட்டையோடு வந்திருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பாண்டீஸ்வரி. அவர் சத்தம் போடவில்லை. டி.சி. மட்டும் கேட்டார். மகள் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அந்தப் பாறையில் தெரியாத பயம் அப்போது அவள் முகத்தில் தெரிந்தது.

மலையில் பார்த்ததை நான் சொல்லவில்லை. நடை இல்லாத நாளில் தனியாகப் போய்விட்டாள், ஆபத்தான இடத்தில் நின்றாள் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை.

முதல்வர் அந்தக் கேப்ஷனை அச்சிட்டு வரச் சொன்னார். பேனா மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் முதல் வரியிலிருந்து படித்தார். 'இந்த ஞாயிறு' வந்ததும் நிறுத்தினார். "தப்பு இங்கதான் இருக்கு" என்றார். மேலே படித்துக் கடைசிவரை போனார். பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "தேதி தெரியாமப் போனது சரி. அங்க யாருமே இல்லைன்னு தெரிஞ்சப்புறமும் பிள்ளை ஏன் திரும்பி வரல? இதுல எந்த வரி அவளை அங்க நிக்க வச்சுச்சு?"

அப்பா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "யாரையும் தெரிஞ்சிருக்க வேண்டாம்னு போட்டிருக்கீங்கள்ல மேடம், அதுதான். பிள்ள சேந்து ஒரு மாசமாச்சு. வகுப்புல அதுகூட யாரும் பேசல. எல்லாம் ஏற்கெனவே கூட்டுச் சேந்துருச்சுக. மத்தியானம் தனியாத்தான் சாப்புடுமாம். சனிக்கிழம ராத்திரி அத எங்கிட்டப் படிச்சுக் காட்டிச்சு. 'அப்பா, அங்க போனா யாரையும் தெரிஞ்சிருக்கத் தேவையில்லையாம்'னு. நானுந்தான் போயிட்டு வான்னு கையெழுத்துப் போட்டேன்."

பேனா மூடி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

முதல்வர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, சுவரோரம் நின்ற பெண்ணின் பக்கத்தில் நின்றார். இத்தனை வருடத்தில் அவர் ஒருவருக்காக அந்த மேசையைச் சுற்றி வந்து நான் பார்த்ததில்லை. "உங்க பிள்ளை நாளைலேருந்து மத்தியானம் தனியாச் சாப்பிடாது. அதை நான் பாத்துக்கறேன். டி.சி.யை ஒரு மாசம் கழிச்சுக் கேளுங்க. அப்பவும் வேணும்னா தரேன்" என்றார்.

அப்பா மகளைப் பார்த்தார். மகள் தலையை மட்டும் அசைத்தாள். அவர் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு கிளம்பினார். ஒரு மாதம் கழித்து அவர் வரவில்லை.

அன்று பிற்பகலே கேப்ஷனை மாற்றினோம். அந்தப் பதிவை அழித்தோம், லைக்கோடு சேர்த்து. புதிய வழக்கங்கள் வந்தன. கேப்ஷனில் கிழமையோடு முழுத் தேதி இருக்க வேண்டும். நடை முடிந்த அன்றே பதிவைப் பக்கத்தின் உச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும். கடைசி நாள் முடிந்ததும் படிவத்தை மூட வேண்டும். படிவம் நிரப்பிய ஒவ்வொரு முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் மன்றத்திலிருந்து ஒரு மூத்த மாணவர் போன் செய்து பேசிய பிறகுதான் முதல் நடைக்கு வரலாம். கூடுமிடம் கல்லூரி வாசல், மலையடிவாரம் இல்லை. கடைசி வரியை எடுத்துவிட்டோம். வரிசையின் கடைசியில் ஆசிரியர் நிற்க வேண்டும். தன் எண்ணைச் சொன்ன கையோடு, மூச்சு விடாமல், 'அவ்வளவுதான்' என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு முதல்வர் காரணம் கேட்டார். "பழக்கத்துக்கு மேடம்" என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஓய்வு பெறும்வரை எல்லா நடையிலும் நானே கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் எப்போதும் பாண்டீஸ்வரி நிற்பாள். அவளுக்கு நாலைந்து தோழிகள் சேர்ந்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவள் டப்பாவிலிருந்து கருவாட்டுத் தொக்கைப் பிடுங்கித் தின்பார்களாம். வாய் நிறையச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் 'அவ்வளவுதான்' என்று நான் சொல்லும்போதெல்லாம் அவள் தோள் லேசாக இறங்குவதைக் கவனித்திருக்கிறேன்.

போன வாரம் கேப்ஷன் அனுப்பிய செயலாளர் அவள்தான். பாண்டீஸ்வரி, மூன்றாம் ஆண்டு, கணிதம். தேதி சரி, கிழமை சரி, கல்லூரி வாசல் சரி, போன் செய்வோம் என்பதும் இருக்கிறது. பதினான்காவது வரி: "யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். வந்து வரிசையின் கடைசியில் நில்லுங்கள்."

இதுவரை எழுதி முடித்துவிட்டு நேற்றுக் காலை அவளுக்கு போன் செய்தேன்.

"அந்த வரி எதுக்கும்மா திரும்ப?"

"என்னைய மாதிரி யாராச்சும் இருப்பாங்கள்ல சார். அவங்களுக்கு அந்த வரி வேணும்."

அவள் சொன்னதும் சரிதான். அந்த வரிதான் அவளை அந்தப் பாறைக்குக் கொண்டுபோனது. எங்களிடம் கொண்டுவந்ததும் அதுதான்.

"சரி. இப்ப யாரு அவ்வளவுதான்னு சொல்றது?"

"புது மேடம்தான் சார். ஆனா அவங்க கொஞ்சம் மெதுவாச் சொல்றாங்க" என்றாள். குரலில் பயமும் இல்லை, புகாரும் இல்லை.

யோசித்துப் பார்த்து மாலையில் ஒரு திருத்தம் அனுப்பினேன். எண்ணுகிற முறையையே விட்டுவிடுங்கள். இனி எண் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கூப்பிட்டவர் மட்டும் 'இருக்கிறேன்' என்று சொல்லட்டும். கடைசி வரியை இப்படிப் போடுங்கள்: 'யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். வாசலில் பாண்டீஸ்வரி நிற்பார். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.' நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் மட்டும்தான் பதில் சொல்ல முடியும். எல்லா வழியையும் அடைத்துவிட்டதாக எனக்கு நிம்மதி. இரவு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் பதில் வந்திருந்தது. 'சரி சார். நல்லாருக்கு. மாத்திட்டேன்.' அதற்குக் கீழே, கொஞ்ச நேரம் கழித்து அனுப்பிய இன்னொன்று:

'ஆனா அவங்க பதினெட்டுப் பேரோட பேரு நமக்குத் தெரியாதே சார்.'